மெயில் போகாமலே வாங்கியவர்கள்

இணையக் கடை ஒன்றில் புடவையைத் தேர்ந்தெடுத்து, கார்ட்டில் போட்டு, மின்னஞ்சல் முகவரி வரை நிரப்பிவிட்டுப் பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் மெயில் வருகிறது: 'நீங்கள் எடுத்து வைத்த புடவை காத்திருக்கிறது.' மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் வருவதில் 10 விழுக்காடு தள்ளுபடிக்கு ஒரு கூப்பன் இருக்கிறது. அன்று மாலை நீங்கள் அந்தப் புடவையை வாங்கிவிடுகிறீர்கள்.

இந்த விற்பனை யாரால் வந்தது? கடைக்காரர் வைத்திருக்கும் மென்பொருளுக்கு இதில் சந்தேகமே இல்லை. மெயில் போனது, திறக்கப்பட்டது, சில நாளுக்குள் ஆர்டர் விழுந்தது. அதனால் அந்தத் தொகை முழுவதையும் மெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறது. மாதக் கடைசியில் டாஷ்போர்டில் 'கார்ட் நினைவூட்டல் மெயில் மூலம் வருமானம்' என்று ஒரு பெரிய தொகை நிற்கிறது. மென்பொருள் சந்தாவைப் புதுப்பிப்பதும், இன்னும் இரண்டு மெயில் சேர்ப்பதும், தள்ளுபடியைக் கூட்டுவதும் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் முடிவாகின்றன.

அந்தத் தொகை பொய்யான கூட்டல் அல்ல. ஒவ்வொரு ஆர்டரும் உண்மையில் வந்ததுதான். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. 'மெயில் பெற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள்' என்பதற்கு அது பதில். 'மெயில் போகாமல் இருந்திருந்தால் இதில் எவ்வளவு வராமல் போயிருக்கும்' என்பதுதான் கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர், உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் எண்ணி, இவர்களெல்லாம் என் பன்னீரால் வந்தவர்கள் என்று சொன்னால் எப்படியோ, டாஷ்போர்டின் கணக்கு ஏறக்குறைய அப்படி.

கார்ட்டில் பொருளை விட்டுப்போகிறவர்களில் பெரும்பாலோர் மனம் மாறிப் போகிறவர்கள் என்ற எண்ணத்திலிருந்தே இந்தக் குழப்பம் தொடங்குகிறது. டென்மார்க்கிலுள்ள பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரிப்படி, இணையக் கார்ட்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு பணம் கட்டாமல் விடப்படுகின்றன. ஆனால் விட்டதெல்லாம் வேண்டாம் என்று விட்டதல்ல. டெலிவரிக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கவே கார்ட்டில் போடுகிறவர்கள் உண்டு. ஓடிபி வராமல் பணம் கட்டுவது தடைப்பட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி முயல்கிறவர்கள் உண்டு. போனில் பார்த்து வைத்துவிட்டு, இரவு வீட்டில் அம்மாவிடம் காட்டி, மறுநாள் லேப்டாப்பில் வாங்குகிறவர்கள் உண்டு. ஒன்றாம் தேதி சம்பளம் வரட்டும் என்று 28-ஆம் தேதி எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கெல்லாம் கார்ட் ஒரு குறிப்புத்தாள். மெயில் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் திரும்பி வருவார்கள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால், கடையின் மொத்த வாடிக்கையாளர்களில் வாங்கும் எண்ணம் மிகவும் முற்றியிருப்பவர்கள் இவர்கள்தான். பொருளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அளவு பார்த்தாயிற்று, முகவரி கொடுத்தாயிற்று. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து மெயில் அனுப்பினால், அந்த மெயிலைத் தொடர்ந்து விற்பனை நடக்கத்தான் செய்யும்.

மெயிலுக்கு வெளியே இதற்கு நன்கு பதிவான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2012-ல் ஈபே நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தது. 'ஈபே' என்று பெயர் சொல்லியே தேடுகிறவர்களுக்கும் மேலே ஒரு விளம்பரம் காட்டி, ஒவ்வொரு சொடுக்குக்கும் தேடுபொறிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாஹூ, எம்எஸ்என் இரண்டிலும் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த சொடுக்குகளில் 99.5 விழுக்காடு, அதற்குக் கீழே இலவசமாகக் கிடக்கும் சாதாரண இணைப்பு வழியாக அப்படியே வந்து சேர்ந்தன. பின்னர் நாட்டின் சில பகுதிகளில் மற்றத் தேடல் விளம்பரங்களையும் நிறுத்திப் பார்த்தபோது, புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் மட்டுமே விளம்பரத்தால் மாற்றம் தெரிந்தது. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் மாற்றமே இல்லை. ஆனால் விளம்பரச் செலவில் பெரும்பகுதி அவர்களுடைய சொடுக்குகளுக்கே போய்க்கொண்டிருந்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் எழுதிய இந்த ஆய்வு 2015-ல் 'எகனாமெட்ரிகா' இதழில் வந்தது. வரத் தயாராக இருப்பவரைத் தேடிப்போய் அழைக்கும் எந்த முறைக்கும் இந்த ஆபத்து உண்டு. கார்ட் மெயில் அதில் முதல் வரிசை.

மென்பொருள் எப்படி எண்ணுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெயிலைத் திறந்த அல்லது அதிலுள்ள இணைப்பைத் தொட்ட பிறகு, குறிப்பிட்ட நாள்களுக்குள் விழும் ஆர்டர் மெயிலுக்குச் சேரும். எத்தனை நாள் என்பது ஒரு அமைப்பு மட்டுமே. அதை இரண்டு நாள் என்று வைத்தால் வருமானம் குறைந்து தெரியும், ஏழு நாள் என்று மாற்றினால் கூடித் தெரியும். கடையில் ஒரு புடவைகூட அதிகம் விற்றிருக்காது. 'திறந்தார்' என்பதும் முன்போல நம்பத்தக்கதல்ல. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மெயிலுக்குள் இருக்கும் படங்களை வாசகர் பார்ப்பதற்கு முன்பே தானாக இறக்கிவைத்துக்கொள்கிறது. திறந்ததைக் கண்டுபிடிப்பதே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இறங்குவதை வைத்துத்தான் என்பதால், பார்க்கப்படாத மெயிலும் பார்த்ததாகப் பதிவாகிறது.

கணக்கு மிகையாகிறது என்பதைச் சோதனை எதுவும் செய்யாமலே உணர ஒரு வழி உண்டு. மெயில் மென்பொருள் தன்னுடையது என்று சொல்லும் விற்பனை, கூகுள் விளம்பரக் கணக்கு சொல்வது, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கு சொல்வது, வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் நிறுவனம் சொல்வது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்த மாதம் வங்கிக்கு வந்த மொத்தப் பணத்தைவிடக் கூட்டுத்தொகை அதிகமாக இருந்தால், ஒரே ஆர்டரைப் பலரும் தங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு மிகை என்பதை மட்டும் இந்தக் கூட்டல் சொல்லாது.

அதற்குப் பலர் இரண்டு குறுக்கு வழிகளை நாடுகிறார்கள். மெயிலைத் திறந்தவர்களையும் திறக்காதவர்களையும் ஒப்பிடுவது ஒன்று. திறந்தவர்கள் அதிகம் வாங்கியிருப்பார்கள். ஆனால் வாங்கும் ஆசை இருப்பவர்தான் அந்த மெயிலைத் திறக்கவே செய்கிறார். மெயில் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிடுவது மற்றொன்று. செப்டம்பரில் தொடங்கி அக்டோபரைப் பார்த்தால் நடுவில் தீபாவளி வந்துவிடுகிறது. இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல. தவறு எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிறகு திருத்தவும் முடியாது.

நம்பத்தக்க வழி ஒன்றுதான்: கார்ட்டை விட்டுப்போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு, சீட்டுக் குலுக்கியதுபோல் எந்தக் காரணமும் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, மெயில் அனுப்பாமல் நிறுத்திவைப்பது. இரு குழுவிலும் சம்பள நாளுக்குக் காத்திருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பார்கள், ஓடிபி தவறியவர்களும் அப்படியே. தீபாவளி வந்தாலும் இருவருக்கும் சேர்ந்தே வரும். இரு குழுக்களுக்கும் உள்ள ஒரே வேறுபாடு மெயில் என்பதால், விற்பனையில் தெரியும் வேறுபாட்டை மெயிலின் பெயரில் எழுதலாம்.

கணக்குக்காக, பருத்திப் புடவை விற்கும் ஓர் இணையக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வாரத்தில் 12,000 பேர் மின்னஞ்சல் கொடுத்த பிறகு கார்ட்டை விட்டுப் போகிறார்கள். சரிபாதியாகப் பிரித்து 6,000 பேருக்கு மூன்று மெயிலும் அனுப்புகிறார்கள். மற்ற 6,000 பேருக்கு எதுவும் இல்லை. கார்ட்டை விட்ட நேரத்திலிருந்து 14 நாள் ஒவ்வொருவரையும் கவனிக்கிறார்கள். சராசரி ஆர்டர் 1,500 ரூபாய்.

மெயில் போன 6,000 பேரில் 720 பேர் வாங்கினார்கள். அந்த 720-ல் 430 ஆர்டர்கள் மெயிலால் வந்தவை என்கிறது மென்பொருள். கூப்பனைப் பயன்படுத்தியவர்கள் 200 பேர்; ஆளுக்கு 150 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் தள்ளுபடி போயிற்று. அதைக் கழித்த பின் டாஷ்போர்டு காட்டும் வருமானம் 6,15,000 ரூபாய்.

மெயிலே போகாத 6,000 பேரில் 600 பேர் வாங்கியிருந்தார்கள்.

இந்த 600 என்ற எண்தான் டாஷ்போர்டில் எங்குமே இல்லாதது. மெயில் போன குழுவிலும் ஏறத்தாழ 600 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்று இது சொல்கிறது. மெயிலால் மட்டும் வந்தவை 120 ஆர்டர்கள். பணமாகப் பார்த்தால், மெயில் குழுவின் மொத்த விற்பனை தள்ளுபடி போக 10,50,000 ரூபாய். மெயில் போகாத குழுவின் விற்பனை 9,00,000 ரூபாய். வேறுபாடு 1,50,000. டாஷ்போர்டு சொன்னதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு.

இங்கேயும் நின்றுவிட முடியாது. 1,500 ரூபாய்ப் புடவைக்குக் கொள்முதல், பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகப் போன 120 புடவைக்கு 1,08,000 ரூபாய் செலவு. 1,50,000-த்தில் அதைக் கழித்தால் கையில் நிற்பது 42,000 ரூபாய். மெயில் மென்பொருளின் சந்தாவையும், மெயில் எழுதுபவரின் சம்பளத்தையும் இந்த 42,000-த்தோடுதான் ஒப்பிட வேண்டும். 6,15,000-த்தோடு ஒப்பிட்டுச் செலவு செய்கிற கடை, லாபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டே நஷ்டப்படலாம்.

தள்ளுபடியை எப்படிக் கழித்தோம் என்பதைக் கவனியுங்கள். எந்த ஆர்டர் எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடவில்லை. ஒரு குழுவுக்கு மொத்தம் எவ்வளவு வந்தது, மற்றதற்கு எவ்வளவு வந்தது என்பதை மட்டுமே பார்த்தோம். எப்படியும் முழு விலைக்கு வாங்கியிருக்கக்கூடியவருக்குக் கொடுத்த தள்ளுபடி மெயில் குழுவின் மொத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுகிறது. 'இந்த வாடிக்கையாளர் மெயிலால் வந்தாரா' என்று தனியொருவரைப் பற்றிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. குழுவைப் பற்றிக் கேட்டால் சொல்ல முடியும்.

காகிதத்தில் இது எளிது. நடைமுறையில் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கடிகாரம். முதல் மெயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் போகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே திரும்பி வந்து வாங்கிவிட்டவருக்கு மெயில் போகாது. மென்பொருள் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எண்ணும்போது, மெயில் குழு என்றால் 'மெயில் பெற்றவர்கள்' என்று எடுத்துக்கொண்டால், ஓடிபி தவறி ஐந்து நிமிடத்தில் திரும்பியவர்கள் எல்லோரும் அந்தக் குழுவிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மெயில் போகாத குழுவில் அதே மாதிரி ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். மெயில் தன் தகுதியைவிட மோசமாகத் தெரியும். சில வேளைகளில் மெயில் விற்பனையைக் குறைத்ததுபோலக்கூடத் தெரியும். மூன்றாவது மெயில் பெற்றவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் கெட்டுப்போகும், ஏனென்றால் அவர்கள் மூன்று நாள்வரை வாங்காமல் எஞ்சியவர்கள். கார்ட்டை விட்ட அந்த நொடியில் குலுக்கிப் பிரித்து, அந்த நொடியிலிருந்தே இரு குழுவுக்கும் கடிகாரத்தைத் தொடங்கி, மெயில் உண்மையில் கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமல், பிரித்த எல்லோரையும் கடைசிவரை அந்தந்தக் குழுவிலேயே எண்ண வேண்டும்.

பிரிப்பது கார்ட்டையல்ல, ஆளை. ஒரே பெண்மணி இந்த வாரம் ஒரு கார்ட்டையும் அடுத்த வாரம் இன்னொன்றையும் விட்டுப்போனால், இரண்டு முறையும் அவர் ஒரே குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கார்ட்டுக்குப் போன மெயில், இரண்டாவது கார்ட் இருக்கும் குழுவின் விற்பனையைத் தொட்டுவிடும். வாடிக்கையாளர் எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பிரிப்பது சிறிய கடைக்குப் போதும். அதே இரட்டை, ஒற்றையை வைத்து வேறு சோதனை எதுவும் அதே காலத்தில் நடக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஊர், பெயரின் முதல் எழுத்து, கிழமை ஆகியவற்றை வைத்துப் பிரித்தால் குழுக்கள் முதலிலிருந்தே வெவ்வேறாகிவிடும்.

பிரிவு ஒழுங்காக நடந்ததா என்பதற்கு ஒரு சரிபார்ப்பு உண்டு. 12,000 பேரை நேர்மையாகக் குலுக்கிப் பிரித்தால், ஒரு பக்கம் 6,000-லிருந்து நூறு பேர்வரை கூடவோ குறையவோ செய்யலாம். 6,300-ம் 5,700-மாக வந்தால் தற்செயல் அல்ல, எங்கோ கோளாறு. விற்பனை எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே நிறுத்தித் தேட வேண்டும். இரு குழுக்களும் சோதனைக்கு முந்தைய மாதத்தில் எவ்வளவு வாங்கினார்கள் என்றும் பார்க்கலாம். அது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்ற வழியில் போகும் செய்திகளும் இரு குழுவுக்கும் ஒன்றுபோல் போக வேண்டும். கடையின் வழக்கமான வாராந்தர மெயிலும் பேஸ்புக்கில் துரத்தி வரும் விளம்பரமும் இருவருக்கும் உண்டு என்றால் தொல்லையில்லை. ஆனால் சில மென்பொருள்கள், ஒருவருக்கு இன்று ஏற்கெனவே மெயில் போயிருந்தால் வாராந்தர மெயிலை அவருக்கு நிறுத்திவிடும். அப்போது மெயில் குழு வாராந்தர மெயிலை இழக்கிறது, மற்றக் குழு பெறுகிறது. சோதனைக் காலத்தில் இந்த வசதியை அணைத்துவைப்பது நல்லது. நம் நாட்டில் வீட்டு வாசலில் பணம் வாங்கும் முறை இருப்பதால் இன்னொன்றும் உண்டு: பொருள் போய்ச் சேர்ந்து வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பப்படும் ஆர்டர்கள். அவற்றைக் கழித்து, பணம் கைக்கு வந்தவற்றை மட்டுமே எண்ண வேண்டும். தூண்டப்பட்டு வாங்கியவர் திருப்பி அனுப்பும் வாய்ப்பு தானாக வாங்கியவரைவிட அதிகமாக இருக்கலாம்.

எத்தனை நாள் கவனிப்பது என்பதில் பலருக்கும் அவசரம். நம் கடையில் மூன்றாம் நாள் முடிவில் எண்ணியிருந்தால் மெயில் குழுவில் 460 பேரும் மற்றதில் 320 பேரும் வாங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 140. அடுத்த 11 நாளில் மெயில் குழுவில் 260 பேர், மெயில் போகாத குழுவில் 280 பேர். பின்னது கொஞ்சம் எட்டிப்பிடித்துவிட்டது. ஒன்றாம் தேதி வாங்கவிருந்தவரை மெயில் 29-ஆம் தேதியே வாங்கவைத்திருக்கிறது. அது புதிய விற்பனை அல்ல, முன்னே நகர்ந்த விற்பனை. மூன்று நாளில் நிறுத்தியவர் இதைப் பார்க்கவே மாட்டார். சம்பளத்தை ஒட்டி வாங்கும் பொருள் என்றால் 30 நாள்வரை பார்ப்பதே சரி என்பது என் கருத்து. எத்தனை நாள் என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். தினமும் பார்த்து, நமக்குப் பிடித்த எண் வரும் நாளில் நிறுத்தினால், எதுவுமே செய்யாத மெயில்கூட ஒருநாள் வெற்றி பெற்றதாகத் தெரியும்.

இனி, 120 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? குலுக்கிப் பிரித்ததில் தற்செயலாகவே ஒரு பக்கம் சிலர் கூடியிருக்கலாம். புள்ளியியலில் வழக்கமான 95 விழுக்காடு எல்லையைக் கணக்கிட்டால், உண்மை எண் ஏறத்தாழ 53-க்கும் 187-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மெயில் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு என்பதில் இன்னும் அகலமான இடைவெளி இருக்கிறது. கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலோ 53 புடவைக்கு 600 ரூபாய் வீதம் 31,800 ரூபாய் லாபம், 30,000 ரூபாய் தள்ளுபடி. ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்லாமல் 42,000 என்று மட்டும் முதலாளியிடம் அறிக்கை கொடுப்பது அரைகுறை.

பாதிப் பேருக்கு மெயிலை நிறுத்துவதா என்று கடைக்காரர் தயங்குவது இயல்பு. அதனால் 10 விழுக்காட்டை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நம் 12,000 பேரில் மெயில் போகாதவர்கள் 1,200 பேர்தான். அவ்வளவு சிறிய குழுவில் தற்செயலின் ஆட்டம் அதிகம்; நூற்றுக்கு 2 பேர் என்று நாம் கண்ட கூடுதல், 0.2-லிருந்து 3.8 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று ஆகிவிடும். எட்டு வாரம் காத்திருந்தும் கையில் ஒன்றுமில்லை. நூற்றுக்கு 10 பேர் எப்படியும் வாங்கும் கடையில் 2 பேர் கூடியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் சுமார் 3,800 பேர் வேண்டும். 1 பேர் மட்டும் கூடினால் அதைக் கண்டுபிடிக்க 14,700 பேர் வேண்டும். பலன் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் சிறிய கடை குறுகிய காலத்துக்குச் சரிபாதியாகப் பிரித்துவிடுவதே சிக்கனம். நிறுத்திவைத்த 6,000 பேரிடம் இழந்த லாபம் ஏறக்குறைய இன்னொரு 42,000 ரூபாய் அளவில் இருக்கும்; அது இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை.

இன்னொன்று: ரூபாயில் எண்ணுவதைவிட ஆர்டர்களில் எண்ணுவது நிலையானது. கல்யாணத்துக்கு ஒருவர் ஒரே ஆர்டரில் 60,000 ரூபாய்க்குப் புடவை எடுத்தால், அவர் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழு முன்னேறிவிடும். முதலில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்து, பிறகு பணத்தைப் பார்க்கலாம். பணம் எண்ணும்போது ஓர் ஆர்டருக்கு ஒரு உச்சவரம்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் தெரிந்த பிறகு, கடைக்காரர் எடுக்க வேண்டிய உண்மையான முடிவு கூப்பன் பற்றியது. முதல் இரண்டு மெயிலுக்கு அனுப்பும் செலவைத் தவிர வேறில்லை. மூன்றாவது மெயில் கூப்பன் கொடுக்கிறது. 200 பேர் பயன்படுத்தியதால் டாஷ்போர்டில் மிகப் பெரிய வெற்றியாகவும் தெரிகிறது. ஆனால் 14 நாளிலும் எப்படியும் வாங்கியிருப்பவர் கையில் கூப்பன் போனால் 150 ரூபாய் நஷ்டம். கூப்பன் இல்லாமல் வாங்கியிருக்கவே மாட்டார் என்ற ஒருவர் வந்தால் 600-ல் 150 போக 450 ரூபாய் லாபம். ஆகவே 200 பேரில் குறைந்தது 50 பேர், அதாவது நால்வரில் ஒருவர், கூப்பனாலேயே வந்தவராக இருந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. மேலும், அடிக்கடி வாங்குகிறவர்கள் கார்ட்டை வேண்டுமென்றே மூன்று நாள் விட்டுவைத்தால் தள்ளுபடி வருகிறது என்று கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் எட்டு வாரச் சோதனையில் முழுதாகத் தெரியாது.

இதைச் சோதிக்க முதலிலிருந்தே மூன்று குழுக்களாகப் பிரிப்பதுதான் பலருக்கும் தோன்றும் வழி. 50 ஆர்டர் வேறுபாட்டை அப்படிக் கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு 23,000 பேர்வரை தேவைப்படும், ஏனென்றால் முதல் மூன்று நாளில் வாங்கியவர்களின் இரைச்சலும் கணக்கில் கலந்துகொள்கிறது. மூன்றாவது மெயிலால் அவர்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை. குலுக்கலை 72-ஆவது மணி நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். எல்லோருக்கும் முதல் இரண்டு மெயில் போகட்டும். மூன்று நாள் முடிவிலும் வாங்காமல் இருப்பவர்களை மட்டும் அப்போது பிரித்து, பாதிப் பேருக்குக் கூப்பனோடும் பாதிப் பேருக்குக் கூப்பன் இல்லாமலும் அதே மெயிலை அனுப்புங்கள். இப்படிச் செய்தால் ஒரு குழுவுக்கு 8,000 பேர் அளவில் போதும். வாரம் 1,500 பேர் கார்ட்டை விட்டுப்போகும் இந்தக் கடைக்கு ஏறக்குறைய மூன்று மாத வேலை. முடிவில், கூப்பன் பயன்படுத்திய ஒவ்வொரு நால்வருக்கும் குறைந்தது ஓர் ஆர்டராவது கூப்பன் பெற்ற குழுவில் கூடியிருந்தால் கூப்பன் தொடரலாம். இல்லையென்றால் மூன்றாவது மெயில் கூப்பன் இல்லாமல் போகட்டும்.